சிற்றலைக்கு எந்த வாய்பாடு? புவியீர்ப்பா, பரப்பு இழுவிசையா?

அக்கா மகள் பதினொன்றாம் வகுப்பு. பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு நீரலையின் வேகத்தை அளந்து காட்டப் போகிறாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றாள். "மாமா, அலைநீளம் குறைஞ்சா வேகம் குறையும்னு ஒரு புத்தகத்துல இருக்கு. அலைநீளம் குறைஞ்சா வேகம் கூடும்னு இன்னொண்ணுல இருக்கு. எதைப் போடுறது?"

இரண்டு புத்தகமும் சரிதான். ஒன்று புவியீர்ப்பால் ஓடும் அலையைப் பற்றிப் பேசுகிறது. மற்றது பரப்பு இழுவிசையால் ஓடும் சிற்றலையைப் பற்றிப் பேசுகிறது. எந்த அலைநீளம் வரை எது செல்லும் என்பதை இரண்டுமே சொல்லாமல் விட்டிருந்ததுதான் குழப்பத்துக்குக் காரணம். இதே இடத்தில் சிக்கிக்கொண்டு கல்லூரி மாணவர்களும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதனால் மூன்று வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்: புவியீர்ப்பு வாய்பாடு மட்டும், பரப்பு இழுவிசை வாய்பாடு மட்டும், இரண்டும் சேர்ந்த வாய்பாடு.

பெயரில் ஒரு எச்சரிக்கை. செய்தித்தாளில் 'ஈர்ப்பு அலைகள்' என்று வருவது கருந்துளைகள் மோதும்போது வெளி-காலத்தில் எழும் அலை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இங்கே பேசுவது, மேலே எழுந்த தண்ணீரைப் பூமி கீழே இழுப்பதால் ஓடும் சாதாரண நீரலை.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதல் கேள்வி, நம் அலைநீளம் என்ன, எவ்வளவு பிழையைப் பொறுத்துக்கொள்வோம் என்பது. இரண்டாவது, வாய்பாட்டுக்குள் போட வேண்டிய எண்கள் நமக்கு நிச்சயமாகத் தெரியுமா என்பது. புவியீர்ப்பு முடுக்கம் g எங்கும் ஏறக்குறைய 9.8தான். ஆனால் நம் தட்டில் இருக்கும் தண்ணீரின் பரப்பு இழுவிசை, புத்தகத்தில் போட்டிருக்கும் எண்தானா? மூன்றாவது, தண்ணீரின் ஆழம். நான்காவதைப் பலரும் கேட்பதே இல்லை: வேகம் என்று எதைச் சொல்கிறோம்? ஒரு முகடு நகரும் வேகத்தையா, அலைக்கூட்டம் மொத்தமாக நகரும் வேகத்தையா? நீரில் இந்த இரண்டும் ஒன்றல்ல.

## புவியீர்ப்பு மட்டும்

```
c = sqrt(g λ / 2π)
```

c முகட்டின் வேகம், λ அலைநீளம். அலைநீளத்தைப் பாதியாக்கிப் பாருங்கள். முகட்டின் உயரம் அதேதான் என்றால், அதைக் கீழே தள்ளும் அழுத்தமும் அதேதான். ஆனால் அலையோடு சேர்ந்து ஆடும் நீரடுக்கின் கனம் பாதியாகிவிடும், ஏனென்றால் அலை தன் அலைநீளத்துக்கு ஏற்ற ஆழம் வரைதான் தண்ணீரைக் கலக்கும். அதே விசை, பாதி நிறை. அதனால் ஆட்டம் 1.41 மடங்கு வேகமாகும். ஆனால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முகடு நகரும் தூரம் பாதி. ஆக, வேகம் 1.41ஆல் குறைகிறது.

இந்த வாய்பாட்டின் பெரிய வசதி, தண்ணீரைப் பற்றி எதுவுமே தெரிய வேண்டியதில்லை என்பது. அடர்த்தி வேண்டாம், சுத்தம் வேண்டாம். உப்புத் தண்ணீரானாலும் சோப்புத் தண்ணீரானாலும் ஒரே விடைதான். ஆழம் மட்டும் அலைநீளத்தில் பாதிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். 12 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட அலைநீளத்துக்கு இதன் பிழை 1 சதவீதத்துக்கும் குறைவு. 5.5 செ.மீ. அலைக்குக்கூட 5 சதவீதத்தைத் தாண்டாது. குளத்து அலை, கடலலை, நீச்சல்குளத்து அலை எல்லாவற்றுக்கும் இது போதும்.

இதை ஒரு மில்லிமீட்டர் அலைக்குப் போட்டால்தான் வம்பு. நொடிக்கு 4 செ.மீ. என்று விடை வரும். உண்மையான வேகம் 68 செ.மீ.

## பரப்பு இழுவிசை மட்டும்

```
c = sqrt(2π σ / (ρ λ))
```

σ பரப்பு இழுவிசை, ρ அடர்த்தி. அதே கணக்கை இங்கே போடுவோம். நீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோல்போல நடந்துகொள்கிறது. அது எவ்வளவு வளைகிறதோ அவ்வளவு தள்ளும். உயரத்தை மாற்றாமல் அலைநீளத்தை மட்டும் பாதியாக்கினால் முகட்டின் வளைவு நான்கு மடங்காகும், ஆகவே விசையும் நான்கு மடங்கு. ஆட வேண்டிய நிறையோ பாதி. ஆட்டம் 2.83 மடங்கு வேகமாகும். ஒரு ஆட்டத்துக்கு நகரும் தூரம் பாதியானாலும் வேகம் 1.41 மடங்கு கூடிவிடுகிறது. குட்டையான அலைநீளத்தில் எது வேகம் என்ற கேள்விக்கு விடை இதுதான்: சிற்றலை. அலைநீளம் குறையக் குறைய அது இன்னும் வேகமாகும்.

ஆனால் இந்த வேகத்துக்கு விலை உண்டு. முதல் விலை ஆயுள். தண்ணீரின் பாகுத்தன்மை குட்டை அலைகளைத்தான் முதலில் தின்னும். சுத்தமான தண்ணீரில் 1 மி.மீ. அலையின் உயரம் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகத் தேய ஒரு நொடியில் ஏறக்குறைய எண்பதில் ஒரு பங்கு நேரம் போதும். அதற்குள் அது 1.3 செ.மீ. தூரம்தான் போயிருக்கும். 5 மி.மீ. அலை அதே அளவு தேய்வதற்குள் 14 செ.மீ. போகும். 10 செ.மீ. அலையோ, பாகுத்தன்மை மட்டும் என்றால், இரண்டு நிமிடம் தாக்குப்பிடிக்கும். ஓட்டப் பந்தயத்தில் முந்திவிட்டு முதல் வளைவிலேயே உட்கார்ந்துவிடுகிற ஆள் இந்தச் சிற்றலை.

இரண்டாவது விலை சுத்தம். வாய்பாட்டில் σ இருக்கிறது. சுத்தமான தண்ணீருக்கு 20 டிகிரியில் மீட்டருக்கு 0.0728 நியூட்டன். சோப்பு சேர்ந்தால் அது 0.03 அளவுக்கு இறங்கிவிடும். சோப்புகூட வேண்டாம், விரல் பட்ட எண்ணெய்ப் பிசுக்கே போதும். இது எங்களைப் படுத்திய பாட்டைப் பின்னால் சொல்கிறேன்.

## இரண்டும் சேர்ந்தது

```
c = sqrt(g λ / 2π + 2π σ / (ρ λ))
```

வேகத்தின் வர்க்கங்களைக் கூட்ட வேண்டும், வேகங்களை அல்ல. ஆழமான சுத்தத் தண்ணீருக்குக் கணக்கிட்ட எண்கள் இவை, எல்லாம் நொடிக்கு சென்டிமீட்டரில்:

| அலைநீளம் | புவியீர்ப்பு மட்டும் | பரப்பு இழுவிசை மட்டும் | இரண்டும் சேர்ந்து |
|---|---|---|---|
| 1 மி.மீ. | 4.0 | 67.7 | 67.8 |
| 5 மி.மீ. | 8.8 | 30.3 | 31.5 |
| 1.7 செ.மீ. | 16.3 | 16.4 | 23.1 |
| 10 செ.மீ. | 39.5 | 6.8 | 40.1 |
| 1 மீ. | 125 | 2.1 | 125 |

நடு வரிசையைக் கவனியுங்கள். 1.7 செ.மீ. அலைநீளத்தில் இரண்டு விசைகளும் சரிசமம். தனித்தனி வாய்பாடு இரண்டுமே அங்கே 30 சதவீதம் தப்பாகப் போகின்றன. ஆழமான தண்ணீரில் முகடு நகரக்கூடிய மிகக் குறைந்த வேகமும் இங்கேதான் இருக்கிறது: நொடிக்கு 23 செ.மீ. அதற்கு மேற்பட்ட எந்த வேகத்தை எடுத்தாலும், அதே வேகத்தில் ஓடும் அலைநீளங்கள் இரண்டு இருக்கும், ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. 1 மி.மீ. சிற்றலையும் 29 செ.மீ. அலையும் ஒரே வேகத்தில் போகின்றன. வேகத்தை மட்டும் அளந்துவிட்டு "இது எந்த அலை?" என்று சொல்ல முடியாது.

## ஒரு தூண்டில் நூல்

இந்த 23 செ.மீ. எல்லையைக் கண்டுபிடித்துச் சொன்னவர் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு. 1871இல் தன் பாய்மரப் படகான லல்லா ரூக்கில் போகும்போது, மெதுவாக நகரும் படகிலிருந்து தொங்கிய தூண்டில் நூலைப் பார்த்தார். நூலுக்கு முன்னால் நெருக்கமான சுருக்கங்கள், பின்னால் அகலமான அலைகள். படகு ஓர் அளவுக்குக் கீழே வேகம் குறைந்தால் இரண்டுமே காணாமல் போயின.

வாய்க்காலில் ஒரு ஈர்க்குச்சியை நட்டாலே இதைப் பார்க்கலாம். தண்ணீர் நொடிக்கு 30 செ.மீ. ஓடுகிறது என்று வையுங்கள். குச்சிக்கு எதிர்நீர்ப் பக்கம் 5.6 மி.மீ. இடைவெளியில் மெல்லிய கோடுகள் அசையாமல் நிற்கும், துணியில் மடிப்பு விழுந்த மாதிரி. கீழ்நீர்ப் பக்கம் 5.2 செ.மீ. இடைவெளியில் சாய்வான அலைகள் நிற்கும். முகடுகள் இரண்டும் நீரை எதிர்த்து அதே 30 செ.மீ. வேகத்தில் ஓடுவதால்தான் நமக்கு நின்றதுபோல் தெரிகின்றன. அப்படியானால் ஒன்று ஏன் முன்னால், மற்றது ஏன் பின்னால்?

அலைக்கூட்டத்தின் வேகம் என்று நான்காவதாகக் கேட்டோமே, அது இங்கேதான் வேலைக்கு வருகிறது. சிற்றலையில் கூட்டம் முகட்டைவிட ஒன்றரை மடங்கு வரை வேகமாகப் போகும். அதனால் அதன் ஆற்றல் ஓட்டத்தை முந்தி எதிர்நீரில் ஏறுகிறது. புவியீர்ப்பு அலையில் கூட்டம் முகட்டின் பாதி வேகத்தில்தான் போகும். அதனால் ஆற்றல் பின்தங்கி, நீரோடு அடித்துச் செல்லப்படுகிறது. குட்டை நீளத்தில் முகட்டு வேகத்தில் ஜெயித்த சிற்றலை, ஆற்றலைச் சுமப்பதில் இன்னும் பெரிய வித்தியாசத்தில் ஜெயிக்கிறது என்று அர்த்தம். கண்காட்சிக்கு வேறெதுவும் முடியாவிட்டால் இந்தக் குச்சியை மட்டும் காட்டினால் போதும் என்று சொன்னேன். "எண் வேணும் மாமா, எண் இல்லாம மார்க் வராது" என்றாள்.

## 60 ஹெர்ட்ஸில் ஒரு தட்டு

சரி, எண். ஒரு சின்ன ஒலிபெருக்கியின் கூம்பில் உறிஞ்சுகுழலை ஒட்டி, அதன் நுனியில் ஒரு குண்டூசி. ஊசியின் தலை தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். செல்போனில் ஒலி எழுப்பும் செயலியில் 60 ஹெர்ட்ஸ். கண்ணாடித் தட்டில் 2 செ.மீ. தண்ணீர், சுவரில் பட்டு அலை திரும்பாமல் இருக்க ஓரமெல்லாம் துணித் திரி. மேலே எல்இடி விளக்கு, கீழே வெள்ளைத் தாள். இன்னொரு செல்போனில் நொடிக்கு 30 படம் என்று வைத்து எடுத்தால், இரண்டு ஆட்டத்துக்கு ஒரு படம் என்ற கணக்கில் அலை ஏறக்குறைய உறைந்து நிற்கும்.

மூன்று வாய்பாடும் இங்கே என்ன சொல்கின்றன? புவியீர்ப்பு மட்டும் என்றால் 60 ஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 0.43 மி.மீ. பரப்பு இழுவிசை மட்டும் என்றால் 5.0 மி.மீ. இரண்டும் சேர்ந்தால் 5.2 மி.மீ. தாளில் ஒரு பார்வை பார்த்தாலே முதல் வாய்பாடு விழுந்துவிடும். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் தீர்ப்புச் சொல்லத்தான் பத்து இடைவெளிகளைச் சேர்த்து அளக்க வேண்டும்: 50 மி.மீ.யா, 52 மி.மீ.யா?

முதல் முறை 62 வந்தது. விளக்கின் ஒளி விரிந்துகொண்டே வருவதால் நிழலும் பெரிதாகிறது என்பதை மறந்திருந்தோம். விளக்கு தண்ணீருக்கு 50 செ.மீ. மேலே, தாள் 10 செ.மீ. கீழே, ஆக நிழல் 1.2 மடங்கு. கணக்கைவிட நல்ல வழி, ஒரு ஒளி ஊடுருவும் அளவுகோலை நீர்மட்டத்துக்குப் பக்கத்தில் வைத்து, அதன் கோடுகளின் நிழலாலேயே அலையை அளப்பது. நிழல் எவ்வளவு பெரிதானாலும் இரண்டும் சேர்ந்தே பெரிதாகும்.

பிறகு தண்ணீரை மாற்றி, தட்டைத் துடைத்து, அளவுகோலோடு அளந்தபோது 47. இது இரண்டு வாய்பாட்டுக்கும் ஒட்டவில்லை. σவைத் தேடிப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால் 0.054. தண்ணீருக்கு இருக்க வேண்டியதைவிடக் கால்வாசி குறைவு. தட்டை அவள் பாத்திரம் தேய்க்கும் பொடி போட்டுக் கழுவித் துணியால் துடைத்திருந்தாள், ரொம்ப அக்கறையாக. அந்த அக்கறைதான் கெடுத்தது. வெறும் தண்ணீரில் பத்துப் பன்னிரண்டு முறை அலசி, விரல் உள்ளே படாமல் நிரப்பி, மேற்பரப்பு கொஞ்சம் வழிந்து ஓடும்படி விட்டோம். படலம் வழியோடு போய்விடும். மறுபடி அளந்ததில் 51க்கும் 52க்கும் நடுவில். அன்று அறையில் 30 டிகிரி. அந்த வெப்பநிலையில் σ 0.0712, எதிர்பார்க்க வேண்டியது 51.5.

ஒரு விஷயத்தில் அடக்கம் வேண்டும். அலைநீளத்தில் 2 சதவீதப் பிழை, பின்னோக்கிக் கணக்கிடும் σவில் கிட்டத்தட்ட 6 சதவீதமாக ஊதிப்போகும். பத்து இடைவெளியில் 1 மி.மீ. தவறினாலே அவ்வளவு. ஆகவே "பரப்பு இழுவிசையை அளந்தேன்" என்று பலகையில் எழுதுவதானால், எழுதும் எண்ணுக்கு இரண்டு இலக்கத்துக்கு மேல் வேண்டாம்.

இன்னொரு பொறி. சிலர் ஊசி வைக்காமல் தட்டையே ஒலிபெருக்கியின் மேல் வைத்து மேலும் கீழும் ஆட்டுவார்கள். அப்படிச் செய்தால் எழும் அலை, கொடுத்த அதிர்வெண்ணில் பாதியில் ஆடும். ஃபாரடே 1831இல் பார்த்துச் சொன்னது இது. 60 கொடுத்தால் 30 ஹெர்ட்ஸ் அலை, அலைநீளம் 8.6 மி.மீ. அது தெரியாமல் 60ஐப் போட்டுப் பெருக்கினால் வேகம் சரியாக இரண்டு மடங்காக வரும். விடை இரட்டிப்பாக வந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

## தட்டில் தண்ணீர் குறைவாக இருந்தால்

மேலே சொன்ன மூன்று வாய்பாடும் ஆழமான தண்ணீருக்கு. பள்ளி அலைத்தொட்டியில் வழக்கமாக அரை சென்டிமீட்டர்தான் ஊற்றுவார்கள். அங்கே ஒரு வேடிக்கை நடக்கிறது. ஆழம் குறைந்தால் நீண்ட அலைகள் தரையில் உரசிக்கொண்டு மெதுவாகும், குட்டை அலைகளோ ஆழத்தைக் கண்டுகொள்ளாது. 5 மி.மீ. ஆழத்தில் கணக்குப் போட்டால் 5 செ.மீ. அலைக்கு நொடிக்கு 22.0, 3 செ.மீ. அலைக்கும் 22.0, 1.7 செ.மீ. அலைக்கு 22.6. கிட்டத்தட்ட எல்லாம் ஒரே வேகம். 1 செ.மீ.க்கு வரும்போதுதான் 24.7 என்று ஏறத் தொடங்குகிறது.

விலகல், குறுக்கீடு காட்டுவதற்கு இது வரப்பிரசாதம், அலை உருக்குலையாமல் போகும். ஆனால் "அலைநீளத்தோடு வேகம் மாறுகிறது" என்று காட்ட நினைப்பவருக்கு இதைவிட மோசமான தட்டு கிடையாது. எவ்வளவு அளந்தாலும் 22, 22, 22 என்றுதான் வரும், கடைசியில் வாய்பாட்டின் மேல் பழி விழும். நம் சோதனைக்கு 2 செ.மீ. ஊற்றியது இதற்காகத்தான்.

## எப்போது எதை எடுப்பது

அலைநீளம் 5.5 செ.மீ.க்கு மேல், 5 சதவீதப் பிழை பரவாயில்லை என்றால் புவியீர்ப்பு வாய்பாட்டை எடுங்கள். தண்ணீரின் சுத்தத்தைப் பற்றிக் கவலைப்படாமல் இருப்பதே அங்கே பெரிய லாபம். வெளியில், குளத்தில், ஏரியில் அளப்பவர் வேறெதையும் தொட வேண்டாம்.

5 மி.மீ.க்குக் கீழே என்றால் பரப்பு இழுவிசை வாய்பாடு போதும். வேறு நீர்மங்களின் σவை அளக்க நினைப்பவருக்கு இதுவே நேர்வழி, ஒரே ஒரு அறியாத எண்தான் இருக்கிறது. ஆனால் 2 மி.மீ.க்குக் கீழே இறங்க வேண்டாம். அலை இரண்டு மூன்று சென்டிமீட்டரிலேயே செத்துவிடும், பத்து இடைவெளி எண்ணுவதற்குள் கோடுகள் மங்கிப் போகும்.

இடைப்பட்ட இடத்தில், முக்கியமாக 1 முதல் 3 செ.மீ. வரை, சேர்ந்த வாய்பாட்டைத் தவிர வேறு வழியில்லை. கணிப்பானில் ஒரு கூட்டல் கூடுதலாகப் போடுவதற்குச் சோம்பல்பட்டு 30 சதவீதம் தவறுவதில் அர்த்தமில்லை. நேர்மையாகச் சொன்னால், கணக்கை எழுதி வைத்துவிட்டால் எல்லா இடத்திலும் இதையே போடலாம். தனி வாய்பாடுகள் இரண்டும் எந்த விசை ஆள்கிறது என்று புரிந்துகொள்ளத்தான் அதிகம் உதவுகின்றன.

அவள் மூன்றையும் ஒரே வரைபடத்தில் போட்டாள். இரண்டு கோடுகள் 1.7 செ.மீ.யில் ஒன்றையொன்று வெட்ட, மூன்றாவது அவற்றுக்கு மேலே தொட்டில்போலத் தொங்கியது. 60 ஹெர்ட்ஸ் புள்ளி தொட்டிலின் இடது கையில் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் சிவப்பு மையில் இன்னொரு புள்ளி, கொஞ்சம் கீழே. "அது 47 வந்ததுல்ல மாமா, பொடி போட்ட தண்ணி. அதையும் விட்டுட மனசு வரல."